பெயர் வேறு, பாக்கெட் நம்முடையது: சாயல் உறைகளை நிறுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

பெயரைத் திருடினால் பிடிப்பது சுலபம். அதனால் விவரமான காப்பிக்காரர் பெயரைத் தொடுவதில்லை. நிறத்தையும், படத்தையும், பட்டை போகும் கோணத்தையும், எழுத்தின் வளைவையும் எடுத்துக்கொள்கிறார். கேட்டால், "என் பெயர் வேறு, உங்கள் பெயர் வேறு" என்று பதில் தயாராக இருக்கும்.

இதை எதிர்க்க இந்தியச் சட்டத்தில் போதுமான வழிகள் உண்டு. ஆனால் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். முதல் நாளே கடையில் சண்டை, இரண்டாம் நாள் வக்கீல் நோட்டீஸ். ஆதாரம் தேடும்போது எதிராளி உஷாராகியிருப்பார், சரக்கும் இடம் மாறியிருக்கும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றியதுதான்.

புரிவதற்காக ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கூட வைத்துக்கொள்வோம். திண்டுக்கல்லில் ஒரு சாம்பார்ப் பொடித் தயாரிப்பாளர். 100 கிராம் பவுச். அரக்கு நிறம், குறுக்கே சாய்வாக ஒரு மஞ்சள் பட்டை, பட்டையின் மேல் வெள்ளை உருண்டை எழுத்தில் பெயர், கீழே பித்தளை உருளியும் அதில் சாய்ந்த மரக்கரண்டியும், ஓரங்களில் கோலக் கரை. சந்தைக்கு வந்திருக்கும் சாயல் பாக்கெட்டிலும் அதே அரக்கு, அதே சாய்வில் மஞ்சள் பட்டை. உருளிக்குப் பதில் மண்சட்டி, ஆனால் கரண்டி அதே பக்கம் சாய்ந்திருக்கிறது. விலை 8 ரூபாய் குறைவு.

1. வழக்கு நிற்குமா என்று முதலில் நீங்களே பாருங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் பாக்கெட்டில் கண்ணில் படும் எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு மளிகைக் கடைக்குப் போய், அதே பொருளை விற்கும் மற்ற கம்பெனிகளின் பாக்கெட்டுகளைப் பார்த்து, அவற்றிலும் இருப்பதையெல்லாம் அடித்துவிடுங்கள்.

மிளகாய்த்தூளுக்குச் சிவப்பு, மஞ்சள்தூளுக்கு மஞ்சள், மசாலாவுக்கு ஒரு கிண்ணம் சாம்பார் படம். இவை அந்தத் தொழிலுக்கே பொது. இவற்றை நம்பி யாரையும் நிறுத்த முடியாது. நம் உதாரணத்தில் அரக்கு நிறம் தனியாக நிற்காது, சாம்பார்ப் படம் இருந்தால் அதுவும் நிற்காது. ஆனால் அரக்கின் மேல் சாய்ந்த மஞ்சள் பட்டை, அதன் மேல் வெள்ளை உருண்டை எழுத்து, பாத்திரத்தில் ஒரே பக்கம் சாய்ந்த கரண்டி, கோலக் கரை, இவை சேர்ந்த சேர்க்கை வேறெந்தப் பாக்கெட்டிலும் இல்லையென்றால் அதுதான் உங்கள் வழக்கு.

அடுத்து, இரண்டு பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எண்ணாதீர்கள். எதிராளி செய்ய விரும்புவது அதைத்தான். உச்ச நீதிமன்றம் 1972-இல் பார்லே குளுக்கோ பிஸ்கட் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இரண்டு உறைகளிலும் ஒரு கையை உயர்த்தி மறுகையில் எதையோ ஏந்திய ஒரு பெண், அருகில் மாடு, முன்னால் கோழிகள், பின்னால் வேலியோடு பண்ணை வீடு. நுணுகிப் பார்த்தால் வேறுபாடுகள் இருந்தன. கீழ்நீதிமன்றங்கள் அந்த வேறுபாடுகளைப் பார்த்து பார்லே கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இன்று ஒன்றைப் பார்த்தவர் வேறொரு நாளில் மற்றதைப் பார்த்தால் அதே பொருள் என்று நினைத்துவிடுவாரா என்பதே கேள்வி என்றது.

அதனால் உங்கள் பாக்கெட்டை வழக்கமாக வாங்கும் ஒருவரிடம் சாயல் பாக்கெட்டை மட்டும் தனியாகக் காட்டுங்கள். "இது என்ன பொடி?" என்று மட்டும் கேளுங்கள். உங்கள் பெயரைச் சொன்னால் மேலே போகலாம்.

இன்னொரு அளவுகோல், காலம். ஒரு டிசைன் மக்கள் மனதில் உங்களோடு ஒட்டியிருக்க வேண்டும். மஞ்சள்-நீல உறைக்காக ஐடிசி, பிரிட்டானியா மேல் தொடுத்த வழக்கில் முதலில் தடை கிடைத்தது. ஆனால் 2017-இல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அதை நீக்கிவிட்டது. சந்தைக்கு வந்து சில மாதங்களே ஆன உறையின் நிறச் சேர்க்கை ஒரு கம்பெனிக்கே உரியது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பது அதன் சாரம். பெரிய கம்பெனிக்கே அந்த நிலை. உங்கள் புதிய டிசைன் சமீபத்தில்தான் வந்தது என்றால், நிறத்தை விட்டுவிட்டு படத்தையும் எழுத்தையும் முன்னால் வையுங்கள்.

2. சத்தம் போடாமல் வாங்குங்கள்

கடைக்காரரிடம் எதுவும் கேட்காமல், சாதாரண வாடிக்கையாளராக வாங்குங்கள். நீங்களே போக வேண்டாம், உங்கள் விற்பனையாளரும் போக வேண்டாம். இருவரையும் கடைக்காரருக்குத் தெரியும்.

பில் கட்டாயம். சின்னக் கடையில் துண்டுச் சீட்டுதான் தருவார்கள் என்றால், பில் போடும் சூப்பர் மார்க்கெட் ஒன்றிலாவது வாங்குங்கள். பில்லில் "மசாலா 1" என்று மட்டும் வந்தால் பயன் குறைவு, அந்த பிராண்டின் பெயர் வரவேண்டும். வெவ்வேறு ஊர்களில் வாங்குங்கள். ஒரே ஊரில் கிடைத்தால் ஏதோ மிச்சச் சரக்கு என்று சொல்லித் தப்பிக்கலாம்.

பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். எந்தக் கடை, எந்தத் தேதி என்று எழுதிய ஒரு கவரில் பில்லோடு சேர்த்துப் போடுங்கள். தயாரிப்புத் தேதியும் பேட்ச் எண்ணும் அழியாமல் இருக்கட்டும். நோட்டீஸ் கிடைத்த பிறகும் அடித்தார்கள் என்று பின்னால் காட்ட அந்தத் தேதிதான் உதவும்.

அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருந்தால் படம் எடுங்கள். எடுத்த போனிலேயே அசல் கோப்பு இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் போய் வந்த படம் சுருங்கிவிடும், எடுத்த நேரமும் போய்விடும். மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாட்சிய அதிநியமம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தரவேண்டும். அசல் கையில் இல்லாமல் அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது சங்கடம்.

3. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

எதிராளி யாரென்று கடைக்காரரிடம் விசாரிக்கத் தேவையில்லை. பாக்கெட்டே சொல்லும். தயாரிப்பவர் அல்லது பேக் செய்பவரின் பெயர், முகவரி பின்பக்கம் இருக்க வேண்டும் என்பது சட்டம். உணவுப் பொருளென்றால் எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண்ணும் இருக்கும்.

அந்த எண்ணை உணவுப் பாதுகாப்புத் துறையின் FoSCoS தளத்தில் தேடுங்கள், உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று வரும். மொத்த வியாபாரியின் பில்லில் உள்ள 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் சட்டப்பூர்வப் பெயர் வரும். பாக்கெட்டில் ஒரு பெயர், உரிமத்தில் வேறொரு பெயர் என்றால் இரண்டையும் குறித்து வையுங்கள், வழக்கில் இருவரையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

புதியவர்கள் பலர் கடைக்காரர் மேல் பாய்கிறார்கள். அவர் உங்கள் சரக்கையும் விற்கிறவர். அவரைப் பகைத்தால் அலமாரியில் உங்கள் இடம் போகும், எதிராளி அங்கேயே இருப்பார். தயாரிப்பாளரைத் தேடுங்கள்.

அதே நாளில் ஐபி இந்தியா தளத்தின் டிரேட்மார்க் தேடலில் எதிராளியின் பெயரையும் போட்டுப் பாருங்கள். அவரும் தன் லேபிளைப் பதிவுக்கு அனுப்பியிருக்கலாம். அது டிரேட்மார்க் ஜர்னலில் வெளியான தேதியிலிருந்து 4 மாதத்துக்குள் TM-O படிவத்தில் எதிர்ப்பு தாக்கல் செய்ய வேண்டும். இந்தக் கெடு நீட்டப்படாது. விட்டுவிட்டால், பதிவான சின்னத்தை நீக்கக் கோரும் நீண்ட வழிதான் மிச்சம்.

4. உங்கள் காகிதங்களைச் சேருங்கள்: டிசைனர், அச்சகம், கணக்கு

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: உங்கள் பாக்கெட் டிசைன் யாருடையது? காசு கொடுத்துச் செய்தோம், அதனால் நம்முடையது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக வரைந்தால் பொதுவாக அப்படித்தான். ஆனால் வெளியே இருக்கும் ஒரு டிசைனருக்குப் பணம் கொடுத்து வரையச் சொன்னால், எழுத்தில் மாற்றித் தராதவரை காப்பிரைட் எனப்படும் காப்புரிமை அவரிடமே நின்றுவிடக்கூடும். எதிராளியின் வக்கீல் முதலில் தட்டிப் பார்க்கும் கதவு அது.

அதனால் டிசைனரைத் தேடிப்பிடித்து, காப்புரிமையை உங்களுக்கு மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். எந்த டிசைன், எவ்வளவு தொகை, எவ்வளவு காலம், எந்த நாடுகள் என்று எல்லாமே அதில் இருக்கட்டும். காலம் எழுதாவிட்டால் காப்புரிமைச் சட்டம் அதை 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். "முழுக் காப்புரிமைக் காலத்துக்கும், உலகம் முழுவதும்" என்ற சொற்கள் இல்லாத ஒப்பந்தம் ஆறாம் ஆண்டில் கைவிட்டுவிடும்.

இரண்டாவது, அச்சகம். பவுச்சை கிராவ்யூர் முறையில் அச்சடிக்கும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் பொறிப்பார்கள். அந்தச் சிலிண்டர் பில் தங்கம் மாதிரி. இந்த டிசைன் இந்தத் தேதியில் என் பெயரில் இருந்தது என்று மூன்றாம் மனிதர் ஒருவர் கொடுத்த சாட்சி அது. பழைய பில்கள், நீங்கள் ஒப்புதல் கொடுத்து அனுப்பிய புரூஃப், அந்த மின்னஞ்சல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

அதே அச்சகத்தில்தான் சாயல் பாக்கெட்டும் அடிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். பட்டையின் கோணமும் எழுத்தின் வளைவும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்திருந்தால், கோப்பு எங்கிருந்தோ போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம். இனிவரும் ஆர்டர்களில் ஒரு வரி சேருங்கள்: சிலிண்டரும் கோப்பும் எங்கள் சொத்து, வேறு யாருக்கும் பயன்படுத்தவோ மாற்றவோ கூடாது, கேட்டால் திருப்பித் தரவேண்டும்.

மூன்றாவது, விற்பனைக் கணக்கு. ஆண்டுவாரியாக விற்பனையும் விளம்பரச் செலவும் காட்டும் ஆடிட்டர் சான்றிதழ் தேவை. கம்பெனியின் மொத்த விற்பனையைக் கொடுத்துவிடுகிறார்கள், அது போதாது. இந்தப் பொருள், இந்த டிசைனில், இந்த ஆண்டிலிருந்து எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் சில பில்களும், பாக்கெட் தெரியும்படியான விளம்பரப் படங்களும் சேர்த்தால் ஆதாரம் உறுதியாகும்.

5. பெயரோடு நிற்காமல் பதிவு செய்யுங்கள்

பெயர் மட்டும் பதிவாகியிருந்தால், வேறு பெயரில் வரும் சாயல் பாக்கெட்டை அந்தப் பதிவு தடுக்காது. நம் திண்டுக்கல் தயாரிப்பாளர் மூன்று விண்ணப்பம் போட வேண்டும்: பெயர் தனியாக, முழு லேபிள் நிறத்தோடு, உருளியும் கரண்டியும் உள்ள படம் தனியாக.

லேபிளுக்குள்தான் படமும் இருக்கிறதே, ஏன் தனியாக? முழு லேபிளைப் பதிவு செய்தால் முழு லேபிளுக்குத்தான் உரிமை, அதிலுள்ள ஒவ்வொரு துண்டுக்கும் தனி உரிமை வராது என்கிறது டிரேட்மார்க் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. எதிராளி படத்தை மட்டும் எடுத்து, மற்றதை மாற்றினால் லேபிள் பதிவு தடுமாறும். படத்தைக் கறுப்பு வெள்ளையில் போடுங்கள். நிறத்தைக் கட்டுப்படுத்தாத பதிவு எல்லா நிறத்துக்கும் பொருந்தும்.

மசாலாப் பொடிக்கு வகுப்பு 30, சமையல் எண்ணெய்க்கு 29. ஒரு வகுப்புக்கு ஆன்லைனில் TM-A விண்ணப்பக் கட்டணம் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. தமிழ்நாட்டுக்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

இங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்ற கேள்விக்கு, பெயர் தொடங்கிய ஆண்டையே லேபிளுக்கும் எழுதிவிடுகிறார்கள். பெயர் 2006-இலிருந்து இருக்கலாம், ஆனால் இந்த அரக்கு-மஞ்சள் டிசைன் 2017-இல் வந்ததென்றால் லேபிளுக்கு 2017-தான். பிரமாணப் பத்திரத்தில் 2006 என்று எழுதி, சிலிண்டர் பில் 2017 என்று சொன்னால், உண்மையான உரிமையும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும்.

பதிவு வருமுன் ® போடாதீர்கள், அது சட்டத்துக்குப் புறம்பு. ™ போடலாம்.

லேபிளைக் கலைப்படைப்பாகக் காப்புரிமை அலுவலகத்திலும் பதியலாம். பொருளுக்குப் பயன்படும் படம் என்பதால், அதே மாதிரிச் சின்னம் வேறு யாருக்கும் இல்லை என்ற சான்றிதழை முதலில் டிரேட்மார்க் பதிவாளரிடம் TM-C படிவத்தில் வாங்க வேண்டும். பதியாவிட்டாலும் காப்புரிமை உண்டு, ஆனால் காவல் நிலையத்தில் பேசும்போது கையில் சான்றிதழ் இருந்தால் பேச்சு சுருங்கும்.

பதிவு முடியும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். பதிவில்லாத லேபிளுக்கும், உன் சரக்கை என் சரக்கு என்று நம்பவைத்து விற்காதே என்று தடுக்கும் 'பாஸிங் ஆஃப்' வழக்கு உண்டு. ஆனால் அதில் உங்களுக்கு நற்பெயர் இருக்கிறது, மக்கள் ஏமாறுகிறார்கள், உங்களுக்கு நஷ்டம் என்ற மூன்றையும் நீங்களே நிரூபிக்க வேண்டும். இடமும் ஒரு வித்தியாசம். பதிவான சின்னம் என்றால் நீங்கள் தொழில் செய்யும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பாஸிங் ஆஃப் மட்டும் என்றால் எதிராளி இருக்கும் இடமோ, சரக்கு விற்ற இடமோதான். அதனால்தான் வேறு ஊர்களிலும் பில்லோடு வாங்கச் சொன்னேன்.

6. நோட்டீஸா, நேராக வழக்கா?

இரண்டுமே சரியான வழிகள்தான். எது உங்களுக்கு என்பதை நோட்டீஸ் அனுப்புமுன் முடிவு செய்ய வேண்டும், அனுப்பிய பிறகு அல்ல.

எதிராளி முகவரி தெரிந்த சிறு தயாரிப்பாளர், டிசைனரை நம்பி அடித்துவிட்டார் என்று தோன்றினால் நோட்டீஸ் போதும். பலர் அதிலேயே மாற்றிக்கொள்கிறார்கள். செலவும் குறைவு.

வேண்டுமென்றே செய்கிறார், கிடங்கில் சரக்கும் அச்சிட்ட ரோலும் குவிந்திருக்கிறது என்றால் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். அது கிடைத்ததும் அவர் நீதிமன்றத்தில் கேவியட் போடுவார். 90 நாள் அது உயிரோடிருக்கும், அதுவரை அவரைக் கேட்காமல் தடையுத்தரவு கிடைக்காது. அதற்குள் சரக்கு கைமாறிவிடும்.

நோட்டீஸில் மிரட்டல் வேண்டாம். ஆதாரமில்லாமல் வழக்குப் போடுவேன் என்று அச்சுறுத்தினால், அச்சுறுத்தப்பட்டவர் உங்கள் மேல் வழக்குத் தொடர டிரேட்மார்க் சட்டத்தின் 142-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒத்த அம்சங்களைப் படத்தோடு காட்டுங்கள், என்ன மாற்ற வேண்டும், எத்தனை நாளில் என்று சொல்லுங்கள். டீலர் வாட்ஸ்அப் குழுவில் "போலி, ஜாக்கிரதை" என்று எதிராளியின் பெயரைப் போடுவதும் இதே ஆபத்துதான்.

பதில் வராவிட்டால் ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்காதீர்கள். வணிக நீதிமன்றத்தில் வழக்குக்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம், அவசரத் தடை கேட்டால் மட்டுமே விலக்கு. நீண்ட நாள் பேசாமல் இருந்துவிட்டு அவசரம் என்றால், எதிராளி அந்த மௌனத்தையே காட்டுவார்.

7. நீதிமன்றத்தில் கேட்க வேண்டியவை

வழக்கில் டிரேட்மார்க் மீறல், காப்புரிமை மீறல், பாஸிங் ஆஃப் மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். ஒன்று தளர்ந்தாலும் மற்றது தாங்கும்.

முதல் நாளே இரண்டு மனு. ஒன்று, இடைக்காலத் தடை. மற்றொன்று, வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை அனுப்பி, கிடங்கிலும் அச்சகத்திலும் உள்ள பாக்கெட், ரோல், சிலிண்டர் எல்லாவற்றையும் கணக்கெடுத்து முத்திரை வைக்க வேண்டும் என்பது. தடை மட்டும் வாங்கினால், "நிறுத்திவிட்டோம், பழைய சரக்கு இல்லை" என்பார்கள், எவ்வளவு இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. சிலிண்டர் முத்திரைக்குள் போனால் மறுபடி அச்சடிக்க முடியாது.

எதிராளியைக் கேட்காமல் தடை கிடைத்தால், வழக்கின் நகலும் ஆவணங்களும் உடனே அவருக்கு அனுப்பி, அன்றோ மறுநாளோ அதற்கான பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். இதில் வக்கீல் அலுவலகம் தூங்கினால், கிடைத்த தடையே நீக்கப்படலாம். அந்த இரண்டு நாளும் நீங்களே பின்தொடருங்கள்.

நீதிபதி கையில் கொடுக்க அசல் பாக்கெட்டுகளை எடுத்துப் போங்கள். ஜெராக்ஸில் அரக்கும் மஞ்சளும் கறுப்பும் சாம்பலுமாகிவிடும்.

8. காவல்துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும்

டிரேட்மார்க் குற்றத்தில் தேடிப் பறிமுதல் செய்ய டிஎஸ்பி நிலையிலுள்ள அதிகாரி வேண்டும், அவரும் முதலில் பதிவாளரின் கருத்தைப் பெறவேண்டும். காப்புரிமை மீறலில் சப்-இன்ஸ்பெக்டரே பறிமுதல் செய்யலாம். அதனால் புகார் கொடுத்தால் காப்புரிமையை முன்வைத்துக் கொடுங்கள்.

என் கருத்தில், உங்கள் பெயரையே அச்சடிக்கும் அப்பட்டமான போலிக்குத்தான் காவல்துறை வழி பொருந்தும். சாயல் என்பது ஒப்பிட்டு முடிவு செய்யவேண்டிய விஷயம். அதை ஒரு காவல் நிலையத்தில் தீர்த்து வைக்கக் கேட்பது இரு பக்கத்துக்கும் நல்லதல்ல.

பின்பக்க முகவரி பொய், உரிம எண் வேறொருவருடையது என்று மூன்றாம் படியில் தெரிந்திருந்தால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுதுங்கள். இல்லாத கம்பெனியைத் தயாரிப்பாளராகக் காட்டுவது தவறான முத்திரையிட்ட உணவு என்ற கணக்கில் வரும், அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

9. சமரசம் வந்தால் என்ன எழுதுவது

பெரும்பாலான வழக்குகள் சமரசத்தில்தான் முடிகின்றன. "இனி இதுபோல் செய்யமாட்டேன்" என்ற ஒரு வரிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அரக்கு பழுப்பாகும், மஞ்சள் ஆரஞ்சாகும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எதிராளியின் புதிய டிசைனை வண்ணத்தில் அச்சிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள். எவற்றை இனி பயன்படுத்தக் கூடாது என்று பெயர் சொல்லி எழுதுங்கள்: சாய்ந்த மஞ்சள் பட்டை, கரண்டியோடு கூடிய பாத்திரம், கோலக் கரை. கையிலுள்ள ரோலும் சிலிண்டரும் எந்தத் தேதியில், யார் முன்னிலையில் அழிக்கப்படும் என்பதும் இருக்கட்டும். கடைகளில் உள்ள சரக்குக்குச் சில வாரம் அவகாசம் கொடுப்பது நியாயம்தான், ஆனால் கடைசிப் பேட்ச் எண்ணைக் குறித்து வாங்குங்கள். அதற்குப் பிந்திய எண் சந்தையில் வந்தால் அதுவே மீறலுக்கு ஆதாரம்.

வழக்கு நடந்துகொண்டிருந்தால் இந்த ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, அதன்படியே தீர்ப்பாணை வாங்குங்கள். வெறும் ஒப்பந்தத்தை மீறினால் புதிதாக வழக்குப் போட வேண்டும், தீர்ப்பாணையை மீறினால் அதே நீதிமன்றத்தில் நேராக நிறைவேற்று மனு போடலாம்.